வருடா வருடம் விலை குறைக்கச் சொல்கிறார்களா? கைசன் எது, வேல்யூ இன்ஜினியரிங் எது, எதில் எத்தனை ரூபாய் வைப்பது

வாகனக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்ன, நடுத்தர மெஷினிங் யூனிட்டில் அடக்கவிலைக் கணக்குப் போடும் காஸ்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குத்தான் இது. ஏப்ரல் 1 முதல் பீஸ் விலையில் இத்தனை சதவீதம் குறையும் என்று வாங்குபவரிடமிருந்து கடிதம் வரும், முதலாளி அதை உங்கள் மேஜையில் வைத்து “ஒரு பிளான் போடு” என்பார். கைசனையும் வேல்யூ இன்ஜினியரிங்கையும் (இனி வி.இ.) ஒரே எக்ஸெல் ஷீட்டில் கலந்து போட்டு, இரண்டுக்கும் ஒரே தேதி வைப்பதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படி ஷீட்களோடுதான் மல்லுக்கட்டினேன், சொல்லித்தர ஆள் இல்லை. இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காகிதங்கள், வேறு வேறு காலக்கெடு. அதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லாப் படிக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். 35 மி.மீ. உருண்டைக் கம்பியிலிருந்து செய்யும், 150 மி.மீ. நீளமுள்ள ஒரு ஸ்டீல் ஷாஃப்ட். மாதம் 10,000, வருடம் 1,20,000 பீஸ். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை, உங்கள் பீஸுக்கு உங்கள் எண்ணைப் போடுங்கள்.

1. முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள், சதவீதம் எதன் மேல் என்று பாருங்கள்

“வருடம் 3 சதவீதம்” என்று வாயால் சொல்வதை நம்பி உட்காராதீர்கள். நீண்டகால ஒப்பந்தத்தின் விலைப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். நம் ஷாஃப்டின் விலை 220 ரூபாய், அதில் மூலப்பொருள் 84. 3 சதவீதம் முழு விலை மேல் என்றால் 6.60 குறையும். மூலப்பொருள் நீங்கலாக மீதி 136 மேல் என்றால் 4.08தான். வித்தியாசம் 2.52, வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல். ஸ்டீல் விலை ஏறி இறங்குவதைத் தனியாகச் சரிக்கட்டும் ஒப்பந்தங்களில் மூலப்பொருளின் மேலும் சதவீதம் போடுவது நியாயமில்லை. அதைக் கேட்க வேண்டியது கையெழுத்துக்கு முன்னால், அப்புறம் கேட்டுப் பயனில்லை.

இன்னொன்றையும் தேடுங்கள். வி.இ. யோசனையால் வரும் மிச்சத்தை இருவரும் எப்படிப் பங்கிடுவது, அந்தப் பங்கு வருடாந்திரக் குறைப்பில் கழிக்கப்படுமா, கழிக்கப்படாதா? இந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தம்தான் பின்னால் தலைவலி. ஏன் என்று ஐந்தாவது படியில் வருகிறது.

2. விலையை “யார் முடிவு செய்கிறார்” என்று பிரித்து எழுதுங்கள்

நம் ஷாஃப்டின் அடக்கவிலை 200 ரூபாய் இப்படி:

- மூலப்பொருள் 84 (1.2 கிலோ கம்பி, கிலோ 80 ரூபாய், அதில் 0.4 கிலோ ஸ்கிராப் கிலோ 30 என்று கழித்தது)
- டர்னிங் 36, மில்லிங்–டிரில்லிங் 22, கிரைண்டிங் 16
- வெளியே கொடுக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் 12
- டூல், கூலன்ட் 8
- பேக்கிங் 4
- ரிஜெக்‌ஷன் 4
- அலுவலகம், மேற்பார்வை வகை 14

வழக்கமான காஸ்ட் ஷீட் இதோடு நின்றுவிடும். நீங்கள் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள். ஒவ்வொரு ரூபாயையும் தீர்மானிப்பது ட்ராயிங்கா, ஷாப் ஃப்ளோரா? கம்பியின் கிரேடு, விட்டம், எத்தனை மி.மீ. கிரைண்டிங், எவ்வளவு டாலரன்ஸ், எங்கே ஹார்டனிங் எல்லாம் ட்ராயிங். அதே ட்ராயிங்கை வைத்துக்கொண்டு எத்தனை வினாடியில் செய்கிறோம், எத்தனை டூல் தேய்க்கிறோம், எத்தனை பீஸைக் குப்பையில் போடுகிறோம் என்பது ஃப்ளோர்.

ட்ராயிங் பக்கம் கை வைப்பது வி.இ., வாங்குபவரின் டிசைன் ஆள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. ட்ராயிங்கைத் தொடாமல் ஃப்ளோர் பக்கம் குறைப்பது கைசன். வி.இ.க்கு உண்மையான இடம் பீஸ் உற்பத்திக்கு வரும் முன்புதான், டிசைன் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஓடும் பீஸில் செய்வதை வேல்யூ அனாலிசிஸ், சுருக்கமாக வி.ஏ., என்று தனியாகச் சொல்வார்கள், ஃபேக்டரிகளில் இரண்டையும் சேர்த்து வி.ஏ.வி.இ. என்றே பேசுவது வழக்கம். பெயர் எதுவானாலும் அனுமதிக் காகிதம் ஒன்றுதான்.

3. இலக்கைச் சதவீதத்தில் வைக்காதீர்கள், ஒரு பீஸுக்கு எத்தனை ரூபாய் என்று எழுதுங்கள்

வாங்குபவருக்கு 4.08 குறைக்க வேண்டும். அது மட்டும் போதாது. இதே வருடம் சம்பள உயர்வு, மின்கட்டணம் என்று உங்கள் அடக்கவிலையும் ஏறும். அதைப் பீஸுக்கு 2.92 என்று வைத்தால் லாபம் அப்படியே நிற்க 7 ரூபாய் குறைத்தாக வேண்டும். பலர் இந்த இரண்டாவது தொகையை விட்டுவிட்டு, வருடக் கடைசியில் இலக்கு எட்டியும் லாபம் எங்கே போனது என்று தேடுகிறார்கள்.

ஜப்பானியக் கார் ஃபேக்டரிகளில் கைசன் காஸ்டிங் போடும் முறை எளிமையானது. போன வருடம் உண்மையில் ஆன பீஸ் அடக்கவிலை, பெருக்கல் இந்த வருடம் செய்யப்போகும் எண்ணிக்கை, பெருக்கல் குறைப்பு விகிதம்.

```
200 × 1,20,000 × 3.5% = 8,40,000
8,40,000 ÷ 1,20,000 = 7
```

“போன வருடம் உண்மையில் ஆன” என்பதைக் கவனியுங்கள். கொட்டேஷனில் எழுதிய விலை அடிப்படை அல்ல. பிறகு இந்த 8.4 லட்சத்தை ஒவ்வொரு பகுதிக்கும் அதன் கையில் இருக்கும் செலவின் அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பார்கள்.

இங்கேதான் பெரிய பொறி. 200-ல் 3.5 சதவீதம் என்றால் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் ஃப்ளோர் கையில் இருப்பது டர்னிங், மில்லிங், கிரைண்டிங் 74, டூல் 8, பேக்கிங் 4, ரிஜெக்‌ஷன் 4, ஆக 90 ரூபாய்தான் (மூலப்பொருளில் கம்பி வெட்டும் விதம் மட்டும் கூடச் சேரும்). 90-ல் 7 என்பது கிட்டத்தட்ட 8 சதவீதம். வருடா வருடம் ஒரே பீஸில் 8 சதவீதம் ஃப்ளோரிலிருந்து மட்டும் எடுப்பது நடக்காத காரியம். அதனால் 7-ஐ 4 கைசன், 3 வி.இ. என்று இரண்டாகப் பிரியுங்கள், இரண்டு பேர் பெயரில் எழுதுங்கள். கைசன் 4 புரொடக்‌ஷன் ஆள் பெயரில், வி.இ. 3 இன்ஜினியரிங் ஆள் பெயரில். மொத்தமாக ஒருவர் தலையில் கட்டினால் வி.இ. வரவில்லை என்றதும் டூல் வாங்குவதை நிறுத்துவார்கள், அடுத்த மாதம் ரிஜெக்‌ஷன் ஏறும்.

4. கைசன் பக்கம்: டேப், ஸ்டாப்வாட்ச், குப்பைத் தொட்டி

ஒரு யோசனையை முழுசாகக் காட்டுகிறேன். கம்பி 6,000 மி.மீ. நீளம். பீஸ் 150, இரண்டு பக்கமும் ஃபேசிங்குக்கு 1 மி.மீ. விட்டு 152-ஆக வெட்டுகிறோம், பேண்ட்சா பிளேடு ஒரு வெட்டுக்கு 2 மி.மீ. தின்கிறது. ஆக 154. ஒரு கம்பியில் 38 பீஸ், கடைசியில் 148 மி.மீ. துண்டு மிஞ்சும். 4 மி.மீ. பற்றாமல் ஒரு முழுப் பீஸ் ஸ்கிராப்பில் விழுகிறது, ஒவ்வொரு கம்பியிலும். ஃபேசிங் அலவன்ஸைப் பக்கத்துக்கு 0.75 ஆக்கினால் வெட்டு நீளம் 151.5, அப்போது 39 பீஸ் வந்துவிடும். பீஸுக்கு ஆகும் கம்பி 1.2 கிலோவிலிருந்து 1.169 கிலோவாகும். ஸ்கிராப் வரவு குறைவதையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் 1.54 ரூபாய். மெஷின் வாங்கவில்லை, ட்ராயிங்கைத் தொடவில்லை.

செய்வதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். வரும் கம்பிகளில் ஓர் இருபதை டேப் வைத்து அளங்கள். மில்லிலிருந்து ஏறுக்குமாறான நீளத்தில் வந்தால் இந்தக் கணக்கே நிற்காது, பர்ச்சேஸ் ஆர்டரில் நீளத்தைக் குறிப்பிட்டு வாங்க வேண்டும். அடுத்து, பேண்ட்சா வெட்டும் முகம் சாய்கிறதா பாருங்கள், சாய்ந்தால் 0.75-ல் முகம் சுத்தமாக வராமல் கறுப்புத் தழும்பு நிற்கும். பிளேடு மாற்றும் கால அளவையும் சேர்த்து நிர்ணயியுங்கள்.

இரண்டாவது, டூல். தேய்ந்த இன்சர்ட் போடும் டப்பாவை ஒரு நாள் மேஜையில் கொட்டிப் பாருங்கள். நான்கு முனை உள்ள சி.என்.எம்.ஜி. இன்சர்ட்டில் ஒன்றிரண்டு முனை புதிதாகவே இருக்கும், ஷிஃப்ட் மாறும் அவசரத்தில் புரட்டாமல் தூக்கிப் போட்டிருப்பார்கள். அது முதல் மிச்சம். ஆழமான வெட்டு தேவைப்படாத இடத்தில் ஆறு முனை உள்ள டபிள்யூ.என்.எம்.ஜி.க்கு மாறலாம். 400 ரூபாய்க்கு நான்கு முனை என்றால் முனைக்கு 100, 420-க்கு ஆறு என்றால் 70. முனைக்கு 100 பீஸ் ஓடினால் பீஸுக்கு 30 பைசா மிச்சம். ஹோல்டரும் மாற வேண்டும், அந்தச் செலவை மறக்காமல் எழுதுங்கள்.

மூன்றாவது சைக்கிள் டைம். இதில்தான் எல்லா ஷீட்டும் பொய் சொல்கிறது. டர்னிங் 216 வினாடி, மெஷின் மணிக்கு 600 ரூபாய், ஆக 36. காற்றில் வெட்டும் தூரத்தைக் குறைத்து, டூல் பக்கத்தில் வந்தபிறகு ஃபீடுக்கு மாறும்படி புரோகிராமைத் திருத்தி 18 வினாடி குறைத்தீர்கள் என்றால் ஷீட் 3 ரூபாய் மிச்சம் என்று காட்டும். மாதம் 50 மணி நேரம், 30,000 ரூபாய். ஆனால் அந்த 600-க்குள் தேய்மானம், வட்டி, கட்டடம் எல்லாம் இருக்கிறது, மெஷின் சும்மா நின்றாலும் அவை ஓடும். அந்த 50 மணியால் ஓவர்டைம் நின்றால், இரட்டைச் சம்பளமும் மின்சாரமும் சேர்த்து மணிக்கு 400 உண்மையாகவே மிச்சம், அதாவது பீஸுக்கு 2 ரூபாய். ஓவர்டைமே இல்லை, வேறு வேலையும் ஏற்றவில்லை என்றால் மின்சாரம், கூலன்ட் மட்டும் மணிக்கு 160, பீஸுக்கு 80 பைசா. மூன்று எண்ணில் எது உங்களுடையது என்பதை அக்கவுன்ட்ஸ் ஆளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், வங்கிக் கணக்கில் தெரியாத மிச்சத்தை இலக்கில் சேர்க்காதீர்கள்.

கைசன் என்று நினைத்து அனுமதி இல்லாமல் செய்துவிடும் சில உண்டு: ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் இடத்தை மாற்றுவது, ஆபரேஷன் வரிசையை மாற்றுவது, வேறு மெஷினுக்குக் கொண்டுபோவது. இவை ட்ராயிங்கைத் தொடாவிட்டாலும் ஆள், மெஷின், மெட்டீரியல், மெத்தட் என்ற 4எம் மாற்றம், வாங்குபவருக்கு முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆடிட்டில் பிடிபட்டால் மிச்சம் செய்ததைவிடச் சார்ட்டிங் செலவு அதிகமாகும். உள்ளுக்குள்ளேயே முடிகிற மாற்றம் என்றாலும் பிராசஸ் ஷீட்டிலும் கன்ட்ரோல் பிளானிலும் அன்றே திருத்துங்கள்.

5. வி.இ. பக்கம்: அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்

நம் ஷாஃப்டில் 70 மி.மீ. நீளத்துக்கு வழுவழுப்பாகக் கிரைண்டிங் கேட்டிருக்கிறது ட்ராயிங். அந்த 70-ல் என்ன உட்காருகிறது என்று அசெம்பிளியைப் பார்த்தால், பேரிங்குக்கு 18 மி.மீ., ஆயில் சீலுக்கு 10 மி.மீ. மீதி 42 மி.மீ. எதையும் தொடுவதில்லை. அங்கே சற்றுக் குறைந்த விட்டத்தில் டர்னிங்கோடு விட்டுவிட்டால் கிரைண்டிங் 16-லிருந்து 11 ஆகும், 5 ரூபாய் மிச்சம். “கிரைண்டிங்கை எப்படி வேகமாகச் செய்வது” என்பது கைசன் கேள்வி. “இங்கே கிரைண்டிங் எதற்கு” என்பது வி.இ. கேள்வி. இரண்டாவதை ஃப்ளோரில் நின்று கேட்டு விடை கிடைக்காது, அசெம்பிளி ட்ராயிங் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

யோசனையோடு கொடுக்க வேண்டியவை: திருத்தம் குறித்த ட்ராயிங், மாற்றும் இடத்தின் வேலை என்ன என்று ஒரு பத்தி, முன்–பின் காஸ்ட் ஒப்பீடு, என்னென்ன டெஸ்ட் செய்து நிரூபிப்பீர்கள் என்ற பட்டியல், ஒருமுறைச் செலவு யார் தலையில் என்பது. டிசைன் ஆள் ஒப்புக்கொண்டால் சாம்பிள், டெஸ்ட், ட்ராயிங் ரிவிஷன், மறுபடி உற்பத்திக்கு முன் பீஸுக்கு வாங்குபவரிடம் ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி., கடைசியில் கையிருப்பில் உள்ள பழைய பீஸ் தீரும் தேதி. இது அரை வருடத்துக்குள் முடிந்து நான் பார்த்ததே இல்லை. எட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசைன் ஆளுக்கு உங்கள் 5 ரூபாயில் அக்கறை கிடையாது, பீஸ் ரோட்டில் உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், அதனால் டெஸ்ட் பட்டியல் எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கையெழுத்து வரும்.

செலவும் உண்டு. சாம்பிள், வெளி லேபில் டெஸ்ட், புது கேஜ் எல்லாம் சேர்த்து 1,20,000 என்றால் முதல் வருடம் பீஸுக்கு ஒரு ரூபாய் அதிலேயே போகிறது. அப்புறம் பங்கு. பாதிப் பாதி என்றால் 5-ல் 2.50 விலையில் குறையும். இந்த 2.50 நீங்கள் ஏற்கெனவே தரவேண்டிய 4.08-ல் கழிந்தால் 5 முழுவதும் உங்கள் இலக்குக்கு உதவும். கழியாது என்றால் உதவுவது பாதிதான். முதல் படியில் தேடச் சொன்ன வரி இதுதான். ஒப்பந்தத்தில் இல்லையென்றால் யோசனையை அனுப்பும் முன் மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள், பர்ச்சேஸ் ஆள் மாறிப்போனாலும் மின்னஞ்சல் நிற்கும்.

6. தேதி போட்டுக் கூட்டுங்கள்

விலைக் குறைப்பு ஏப்ரல் 1 அன்றே முழுசாக அமலாகும். உங்கள் மிச்சம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதம் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு யோசனையையும் ஓடும் மாதங்களால் பெருக்கிப் 12-ஆல் வகுங்கள்.

- கம்பி 1.54, மே முதல் 11 மாதம்: 1.41
- சைக்கிள் டைம் 2.00, ஜூலை முதல் 9 மாதம்: 1.50
- இன்சர்ட் 0.30, வருடம் முழுதும்: 0.30
- ரிஜெக்‌ஷன் 4-லிருந்து 3-க்குப் படிப்படியாக: சராசரி 0.50
- வி.இ. 5.00, ஏப்ரலில் கொடுத்து டிசம்பரில் தொடக்கம், 4 மாதம்: 1.67

மொத்தம் 5.38. வி.இ.யின் ஒருமுறைச் செலவைக் கழித்தால் 4.38. தேவை 7. ஆனால் அதே பட்டியலை மார்ச் மாதத்தில் பார்த்தால் பீஸுக்கு 9.84 குறைந்திருக்கும். மீட்டிங்கில் “9.84 எட்டிவிட்டோம்” என்று காட்டுவார்கள், அந்த வருடக் கணக்கிலோ பீஸுக்கு 2.62 துண்டு விழுந்திருக்கும். இரண்டு எண்ணையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

இதே வி.இ.யை ஆறு மாதம் முன்னால், போன அக்டோபரில் கொடுத்திருந்தால் ஜூனில் தொடங்கி 10 மாதம் ஓடும், 4.17 வரும். அப்போது மொத்தம் செலவு போக 6.88, இலக்கைத் தொட்ட மாதிரிதான். கைசன் பட்டியலை மார்ச்சில் போடலாம், வி.இ. பட்டியலை முந்தைய அக்டோபருக்குள் அனுப்பியாக வேண்டும்.

7. மாதாமாதம் பார்க்கும்போது எண்ணிக்கையைப் பிரித்துவிடுங்கள்

ஆர்டர் 1,20,000-லிருந்து 1,50,000 ஆனால் அலுவலகச் செலவு 14 ரூபாய் தானாகவே 11.20 ஆகிவிடும். யாரும் ஒன்றும் செய்யாமல் 2.80 குறைந்த மாதிரித் தெரியும். அதைக் கைசன் கணக்கில் சேர்த்தால் அடுத்த வருடம் ஆர்டர் குறையும்போது அந்த 2.80 திரும்பி வந்து நிற்கும், நீங்களோ அதற்கு விலை குறைத்துக் கொடுத்திருப்பீர்கள். மாறும் செலவைப் பீஸுக்கு எவ்வளவு என்று பாருங்கள், நிலையான செலவை மாதத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள், இரண்டையும் ஒரே எண்ணாக்காதீர்கள்.

மாத ஷீட்டில் எண்ணை எழுதுமுன் ஸ்டோர்ஸில் இருந்து மூன்று காகிதம் வாங்குங்கள்: கம்பி வழங்கிய எடை, இன்சர்ட் வழங்கிய எண்ணிக்கை, ஸ்கிராப் விற்ற எடை. 39 பீஸ் வருகிறது என்று ஃப்ளோர் சொல்லும், கம்பி எடையைப் பீஸ் எண்ணிக்கையால் வகுத்தால் 1.169 வரவேண்டும். 1.19 வந்தால் ஏதோ ஒரு ஷிஃப்டில் இன்னும் 152-க்குத்தான் ஸ்டாப்பர் வைத்து வெட்டுகிறார்கள்.

மார்ச் முடிந்ததும் உண்மையில் ஆன அடக்கவிலையை எடுத்து, காஸ்ட் ஷீட், சைக்கிள் டைம் ஷீட், டூல் நார்ம் மூன்றிலும் புது எண்ணை ஏற்றி, பழையதை மூடிவிடுங்கள். அடுத்த வருட இலக்கு இந்தப் புது எண்ணிலிருந்துதான் கணக்கு. 18 வினாடி குறைத்ததை நார்மில் ஏற்றாமல் விட்டால் ஆறு மாதத்தில் புது ஆபரேட்டர் கையில் அது பழையபடி 216-க்கே போய்விடும், அடுத்த மார்ச்சில் அதையே இன்னொருவர் புது யோசனையாகக் கொண்டுவருவார்.